“அந்த நாட்களில்” என்றால் எந்த நாட்களில்? ஒரு பள்ளிக்குத் திறந்த மடல்

எங்கள் பகுதிப் பள்ளியின் தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும்,

மாணவிகளுக்கான மாதவிடாய் சுகாதாரச் சுவரொட்டிக்கு வரிகள் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டவர்கள் நீங்கள்தான். வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் 19 வருடம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்சாக வேலை பார்த்தவள், இந்தப் பிள்ளைகள் பாதிப் பேரின் அம்மாக்களை எனக்குத் தெரியும் என்பதால் கேட்டீர்கள். நான் ஒன்பது வரி எழுதிக் கொடுத்தேன். மே 28ஆம் தேதி, அதாவது மாதவிடாய் சுகாதார நாள் அன்று, நீங்கள் திறந்து வைத்த ஃப்ளெக்ஸில் அந்த ஒன்பதில் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக இரண்டே வரி.

“அந்த நாட்களில் தன்சுத்தம் பேணுவோம்! பெண்மையின் மாண்பைக் காப்போம்!”

கீழே ஒரு தாமரை, பக்கத்தில் கைகூப்பிய ஒரு பெண். மே 28 கோடை விடுமுறையில் வரும் நாள், அன்றைக்குப் பள்ளியில் ஒரு மாணவிகூட இல்லை. புகைப்படம் எடுத்தார்கள், ஃப்ளெக்ஸை அலுவலக அறைக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோதும் அது அங்கேயே இருந்தது, இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. என் எழுத்தை எடுத்துவிட்டார்கள் என்ற கோபத்தில் இதை எழுதவில்லை. அந்த ஃப்ளெக்ஸைத் தினமும் கடந்து போன ஒரு குழந்தைக்கு என்ன ஆனது என்பதைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் ஆறாம் வகுப்பு. பதினொரு வயது. ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியட் முடிந்து பாத்ரூம் போனபோது உள்ளாடையில் காப்பி நிறத்தில் கறை இருந்தது. வயிற்றுப்போக்கு என்று நினைத்துக்கொண்டாள். வகுப்பில் யாருக்காவது தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று பயந்து, உள்ளாடையைக் குழாயில் அலசி, பிழிந்து, ஈரத்தோடு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அதே கறை. நோட்டில் இருந்து இரண்டு தாளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் தொடை இடுக்கில் எரிச்சல் தாங்காமல் அழுதபோதுதான் அவள் அம்மா பார்த்து என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். “ரத்தம்னா செவப்பாத்தானே இருக்கும் நர்சம்மா, இது செவப்பா இல்லையே” என்றாள் அந்தப் பிள்ளை. அவள் சொன்னது நியாயம். முதல் தடவை வரும்போது பல பிள்ளைகளுக்கு ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக வெளியேறும், அப்படி வரும்போது காற்றுப்பட்டுப் பழுப்பாகிவிடும். இது தெரியாத குழந்தைக்கு அது மாதவிடாய் என்று எப்படித் தோன்றும்?

பள்ளியில் அந்த போஸ்டரைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்திருக்கிறாள், மனப்பாடமாகவே சொன்னாள். சொல்லிவிட்டு, “அந்த நாட்கள்னா எந்த நாள் நர்சம்மா?” என்று என்னைக் கேட்டாள்.

நான் எழுதிக் கொடுத்த முதல் வரி இது. உங்கள் கோப்பில் இன்னும் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

“உள்ளாடையில் சிவப்பாகவோ காப்பி நிறத்திலோ கறை தெரிகிறதா? அது மாதவிடாய் ரத்தம். பீரியட்ஸ் என்று சொல்வதும் இதைத்தான். உன் வயதுப் பிள்ளைகளுக்கு வருவதுதான். பேடு நம் பள்ளியிலேயே இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.”

இந்த வரி அவள் போகும் கழிவறைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தால் அந்தச் செவ்வாய்க்கிழமையே விஷயம் முடிந்திருக்கும். அவள் மூன்று நாள் ஈரத்திலும் தாளிலும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஏன் இந்த வரியை எடுத்தீர்கள் என்று கேட்டதற்குக் குழுவில் ஒருவர் சொன்ன காரணம், “ரத்தம்” என்ற சொல் பள்ளிச் சுவரில் நன்றாக இருக்காது என்பது. வேண்டுமானால் “உதிரப்போக்கு” என்று போடலாமே என்றார். முழங்கால் சிராய்ந்து வரும் பிள்ளை “மிஸ், உதிரம் வருது” என்றா சொல்கிறாள்? ரத்தம் என்றுதான் சொல்கிறாள். அதே பிள்ளைக்கு அதே பொருளை இன்னொரு இடத்தில் மட்டும் வேறு பெயரால் சொன்னால், அந்த இடத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று நாமே அவளுக்குக் கற்றுக்கொடுத்ததாகத்தான் ஆகும். இன்னொருவர், இதெல்லாம் எட்டாம் வகுப்பு அறிவியலில் “வளரிளம் பருவமடைதல்” பாடத்தில் வருகிறதே, அப்புறம் சுவரில் எதற்கு என்றார். பாடம் எட்டாம் வகுப்பில் வருகிறது. ரத்தம் ஆறிலும் ஏழிலும் வந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்பிலேயே வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு வருட இடைவெளிக்காகத்தான் சுவரொட்டியே.

இந்த ஒன்பது வரிகளை நான் ஒரு மாலையில் உட்கார்ந்து எழுதிவிடவில்லை. எங்கள் தெருவிலும் பின்னால் இருக்கும் ஹவுசிங் போர்டிலும் 10 வயதில் இருந்து 14 வயது வரை இருக்கும் பதினாலு பிள்ளைகளை, அம்மாக்களிடம் கேட்டுக்கொண்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். படித்த பிறகு “சரி, இப்போ நீ என்ன செய்யணும், சொல்லு” என்று கேட்பேன். புரிந்ததா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். என்ன செய்வாய் என்று கேட்டால்தான் வரி வேலை செய்கிறதா இல்லையா என்று தெரியும். அப்படிக் கேட்டதில் நான் எழுதியவையே பல அடிபட்டன.

முதல் வரியில் “நீ எந்தத் தப்பும் செய்யவில்லை” என்று ஆறுதலாக எழுதியிருந்தேன். பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி அதைப் படித்துவிட்டு, “தப்பு செஞ்சாலும் ரத்தம் வருமா?” என்று கேட்டாள். அவள் மனதில் இல்லாத ஒன்றை அந்த வரி கொண்டுபோய் வைத்துவிட்டது. உடனே எடுத்துவிட்டேன். “பயப்படாதே” என்பதும் அப்படித்தான், பயப்பட ஏதோ இருக்கிறது என்று தோன்ற வைக்கும். “இது தீட்டு அல்ல” என்று சேர்க்கலாமே என்று ஆசிரியை ஒருவர் நல்ல எண்ணத்தோடு சொன்னார், அவரிடமும் இதையேதான் சொன்னேன். சுவரில் தீட்டு என்று எழுதினால், எதிரே எத்தனை “அல்ல” போட்டாலும் பிள்ளையின் கண் அந்தச் சொல்லில்தான் போய் நிற்கும். அதோடு வீட்டில் பாட்டி ஒன்று சொல்வாள், பள்ளிச் சுவர் ஒன்று சொல்லும், நடுவில் அந்தக் குழந்தை மாட்டிக்கொள்வாள். அதனால் மறுத்துப் பேசாமல், செய்யக்கூடியதை மட்டும் எழுதினேன்.

“குளி. வயிறு நிறையச் சாப்பிடு. விளையாடத் தோன்றினால் விளையாடு. உன் பெஞ்சிலேயே உட்கார்ந்து பரீட்சை எழுது.”

கடைசி வாக்கியம் எதற்கு என்று கேட்டீர்கள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவி மாதவிடாய் என்பதால் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதிய காணொளியை நாம் எல்லாரும் பார்த்தோம். அது எதற்கு என்பதற்கு அதைவிட என்ன பதில் சொல்ல முடியும்?

அடுத்து, நான் அதிகம் மல்லுக்கட்டிய வரி. எங்கே போனாலும், எந்தத் துண்டுப் பிரசுரத்தை எடுத்தாலும் “நாப்கினை அடிக்கடி மாற்றவும்” என்று இருக்கும். நானும் பல வருடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இரண்டு தொடையிலும் தோல் உரிந்து புண்ணாகி என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடிக்கடி மாற்றச் சொன்னேனே என்றேன். “அடிக்கடிதான் மாத்துறேன் நர்சம்மா, காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய அக்கா ஒரு நாளைக்கு ஒன்றுதான் வைக்கிறாள், அதைப் பார்க்க இவள் செய்வது அடிக்கடிதான். சென்னை வெயிலில், நைலான் கலந்த சீருடைக்குள், காலை ஏழரைக்கு வைத்த பேடை மாலை ஐந்து வரைக்கும் வைத்திருந்தால் ரத்தத்தைவிட வியர்வைதான் தோலை ஊறவைத்துப் புண்ணாக்கும். அதன் மேல் நடந்து நடந்து உராயும்.

நான்கு மணி நேரத்தில் இருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. அதை அப்படியே எழுதிப் பார்த்தேன். பிள்ளைகள் கையில் வாட்ச் கிடையாது. எப்போது வைத்தோம் என்று எண்ணிக்கொண்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் பள்ளியில் எல்லாருக்கும் கேட்கிற ஒன்று இருக்கிறது.

“சாப்பாட்டு மணி அடித்ததா? முதலில் பேடை மாற்று, அப்புறம் சாப்பிடப் போ. நனையாமல் இருந்தாலும் மாற்று. வீட்டுக்குப் போனதும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று.”

இதைப் படித்த பதினாலு பேரும் என்ன செய்வோம் என்று சரியாகச் சொன்னார்கள். காலையில் வைத்ததையும் சேர்த்து ஒரு நாளைக்கு நான்கு. இங்கே “மாற்றவும்” என்று முடியாமல் “மாற்று” என்று முடிவதையும் கவனியுங்கள். “மாற்றவும்” என்பது பஸ்ஸில் சில்லறை கேட்கும் பலகையின் குரல். “மாற்று” என்றால் அக்கா பக்கத்தில் நின்று சொல்வது போல இருக்கிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். “நீ” என்று கூப்பிடுவது மரியாதைக் குறைவு என்று நீங்கள் அதைத் திருத்தினீர்கள். பதினொரு வயதுப் பிள்ளையை வீட்டில் யார் “நீங்கள்” என்று கூப்பிடுகிறார்கள்? “பேணுவோம்”, “காப்போம்” என்று மேடையில் உறுதிமொழி எடுக்கும் குரலில் சொன்னால் அது அவளுக்குச் சொன்னதாகவே தோன்றாது.

ஆனால் இந்த வரியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு விருப்பமில்லை. ஒரு நாளைக்கு நான்கு என்று எழுதிவிட்டோம், அந்த நான்குக்கு எங்கே போவாள்? ஐந்து நாள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் நான்கு நான்கு, மூன்றாம் நாள் மூன்று, கடைசி இரண்டு நாள் இரண்டு இரண்டு என்று சிக்கனமாகப் போட்டாலே 15 ஆகிறது. அரசு இலவசமாகப் பேடு கொடுக்கும் புதுயுகம் திட்டம் 2011-12இல் தொடங்கியது, அதன் கணக்குப்படி ஒரு பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட், ஒரு பாக்கெட்டில் ஆறு. மாதத்துக்கு ஒன்பதுதான் வருகிறது. அது நல்ல திட்டம், அதனால் பள்ளிக்குத் தொடர்ந்து வர முடிந்த பிள்ளைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் மீதி ஆறு பேடைக் கடையில் வாங்க முடியாத வீடுகள் எங்கள் பகுதியில் நிறைய இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளை சுவரொட்டியைப் படித்துவிட்டு, தான் அழுக்காக இருக்கிறோம் என்று கூனிக் குறுகக் கூடாது. அதற்காகத்தான் துணியைப் பற்றி ஒரு வரி எழுதினேன். துணி என்பது பழங்காலம், அதை ஊக்குவிக்கக் கூடாது என்று நீங்கள் அடித்துவிட்டீர்கள். துணியால் நோய் வருவதில்லை. சரியாகத் துவைக்காமல், காயாமல் திரும்ப வைத்துக்கொள்வதால்தான் வருகிறது.

“துணி வைக்கிறாயா? நல்லதுதான். பச்சைத் தண்ணீரில் அலசு, அப்புறம் சோப்புப் போட்டுத் துவை. மொட்டை மாடிக் கொடியில் வெயில் படக் காயப் போடு. கட்டிலுக்கு அடியில் துணி காயாது.”

பச்சைத் தண்ணீர் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம், வெந்நீரில் போட்டால் ரத்தக் கறை இழையில் இறுகிவிடும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கறை போகாத துணியைப் பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் ஒளித்துத்தான் காய வைப்பார்கள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மற்ற துணிக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறேன். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறை, மாடியில் பத்து வீட்டுக்கு ஒரே கொடி, அங்கே இதைத் தொங்கவிட எந்தப் பிள்ளைக்குத் தைரியம் வரும்? அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை மழைக்காலத்தில் வெயிலும் கிடையாது. அப்போது முடிந்த அளவு காய வைத்து, நல்ல சூட்டில் அயர்ன் பண்ணி எடுக்கச் சொல்வேன். இதெல்லாம் சுவரொட்டியில் கொள்ளாது. அதை அம்மாக்களிடம் சொல்ல நான் பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறேன். ஆனால் கட்டிலுக்கு அடியில் காயாது என்ற அந்த வரி வேண்டும். அதைப் படித்தபோது எங்கள் பதினாலு பேரில் நான்கு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு ஒருத்தி மெதுவாக, “நான் அங்கதான் போடுறேன்” என்று சொன்னாள். அப்புறம் மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள்.

கழுவுவது பற்றிய வரியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். “கை கழுவிவிட்டு மாற்று, மாற்றிவிட்டும் கழுவு. உடம்பைக் கழுவும்போது முன்னால் இருந்து பின்னால். வெறும் தண்ணீர் போதும், வாசனை சோப்பு உள்ளே வேண்டாம்.” இதில் முன்னால், பின்னால் என்று எழுதியது பச்சையாக இருக்கிறது என்றீர்கள். மலம் கழிக்கும் இடத்துக் கிருமி முன்பக்கம் வந்தால் சிறுநீர்த் தொற்று வரும், எரிச்சலும் காய்ச்சலுமாக வந்த பிள்ளைகளை வாரத்துக்கு ஒருவராவது பார்த்திருப்பேன். “தன்சுத்தம்” என்ற ஒரு சொல்லில் இதில் எது புரியும்? மற்றபடி உடம்பின் எந்தப் பாகத்தின் பெயரையும் நான் சுவரில் எழுதவில்லை, எழுதத் தேவையும் வரவில்லை.

இப்போது அந்தக் கழிவறைக்கு வருகிறேன். வரி எழுதும் முன் நான் போய்ப் பார்த்தேன், குழுவில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை. பெண் பிள்ளைகளுக்கு ஐந்து கதவு. அதில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்கிறாள். குழாயில் தண்ணீர் வருகிறது, மக்கு ஒன்றே ஒன்று. குப்பைக்கூடை கிடையாது. நாப்கின் எரிக்கும் இயந்திரம் ஒன்று மூலையில் இருக்கிறது, அது வேலை செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்று தூய்மைப் பணியாளர் அம்மா சொன்னார். அதனால் பிள்ளைகள் பேடைக் கழிவறைக் கோப்பையில் போடுகிறார்கள், இல்லை ஜன்னல் வழியாகப் பின்பக்கம் எறிகிறார்கள். பேடுக்குள் இருக்கும் ஜெல், தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதும். கோப்பைக்குள் போனால் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு கையை விட்டு எடுப்பது அந்த அம்மாதான், கையுறைகூட இல்லாமல்.

நான் எழுதிய வரி இது.

“பழைய பேப்பரில் சுற்று. கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் மூடி போட்ட சிவப்புக் கூடையில் போடு. கோப்பையில் போட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும்.”

சிவப்புக் கூடை இருந்தால்தான் இந்த வரி உண்மை. இல்லாத கூடையைச் சுவரில் எழுதிவிட்டால் அந்தச் சுவர் சொல்லும் மற்ற எதையும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் நின்று எந்தப் பிள்ளையும் சாப்பாட்டு மணிக்குப் பேடு மாற்றமாட்டாள், நான் எவ்வளவு நயமாக எழுதினாலும் சரி. தொடையில் புண்ணோடு வந்தாளே, அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை, அவள் பள்ளியில் மாற்றாததற்குப் பாதிக் காரணம் தெரியாமை, மீதிப் பாதி அந்தத் தாழ்ப்பாள்.

மீதி மூன்று வரிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கறை பற்றியது: “சீருடையில் கறை பட்டுவிட்டதா? மை கொட்டினால் என்ன செய்வாயோ அதையே செய். மாற்று பேன்ட் பள்ளியிலேயே இருக்கிறது.” பையன்களும் படிக்கும் இடத்தில், வகுப்பறையில் ஒட்ட ஒன்று: “வகுப்பு நடுவே ஒருத்தி எழுந்து போனால் போகட்டும். ஏன் என்று கேட்காதே. அவள் உடையில் கறை தெரிந்தால் சிரிக்காதே, டீச்சரிடம் மெதுவாகச் சொல்.” பையன்களுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்டீர்கள், பிள்ளைகள் பயப்படுவதே அவர்களின் சிரிப்புக்குத்தான்.

ஒன்பதாவது வரி டாக்டரிடம் போக வேண்டிய நேரம் பற்றியது, இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். “வயிறு கொஞ்சம் வலிக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு முழுசாக நனைந்தாலோ, 7 நாளுக்கு மேல் நிற்காவிட்டாலோ, வலியால் பள்ளிக்கு வர முடியாவிட்டாலோ அம்மாவிடமும் டீச்சரிடமும் சொல். டாக்டரிடம் போகலாம்.” அப்படி நாள்கணக்கில் கொட்டிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மாடிப்படி ஏற முடியாமல், முகம் வெளுத்துப்போய் வந்தாள், ரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் ஆறுதான் இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டும். எல்லாருக்கும் இப்படித்தான் வரும் என்று நினைத்து நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. எது வழக்கம், எது அதிகம் என்று அவளுக்கு யாரும் எண்ணிக்கையாகச் சொல்லியிருக்கவில்லை.

நான் கேட்பது இவைதான்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டத் தேதியை எனக்கும் தெரிவியுங்கள். போஸ்டருக்கு முன்னால் மூன்று தாழ்ப்பாள், கதவுக்கு ஒரு மக்கு, மூடி போட்ட இரண்டு சிவப்புக் கூடை, தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு ரப்பர் கையுறை ஆகியவற்றை வாங்குங்கள். எரிக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்க முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள், அந்தக் குப்பை தனியாகக் கட்டி மாநகராட்சி வண்டியில் போகட்டும்.

அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஃப்ளெக்ஸை இறக்குங்கள். ஒன்பது வரிகளையும் “ரத்தம்” என்ற சொல்லோடு, “நீ” என்ற விளியோடு அச்சிடுங்கள். ஏழு வரி கழிவறைக்குள், ஒவ்வொரு கதவின் உள்பக்கமும், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில், தரையில் இருந்து நாலு அடிக்குச் சற்று மேலே இருக்கட்டும். தாளில் அடித்தால் ஈரத்தில் ஒரு மாதம் தாங்காது, வினைல் ஸ்டிக்கராக அடியுங்கள். பையன்களுக்கான வரியும் பரீட்சை பற்றிய வரியும் எல்லா வகுப்பறையிலும் வேண்டும். தாமரையும் கைகூப்பும் வேண்டாம். படம் போடுவதானால் ஒரு பேடைப் படமாகப் போடுங்கள், எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்று தெரியும்படி, கறையைச் சிவப்பில் போடுங்கள், நீலத்தில் வேண்டாம்.

நான் எழுதியதில் ஏதாவது சொல் உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் மாற்றுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மாற்றியதை அச்சுக்கு அனுப்பும் முன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரிடம், ஒரு ஆசிரியை மட்டும் உடன் இருந்து, படித்துக் காட்டுங்கள். இப்போது நீ என்ன செய்வாய் என்று கேளுங்கள். ஐந்து பேரும் ஒரே பதில் சொன்னால் அச்சிடுங்கள். இந்த வேலையைக் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடியுங்கள், அடுத்த மே 28 வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

முதல் வரியின் கடைசியில் “பேடு நம் பள்ளியிலேயே இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்” என்று இருக்கிறது. யாரிடம் வந்து வாங்குவது என்று அதற்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக விட்டிருந்தேன். காரணம் கேட்காமல், கையெழுத்து வாங்காமல், எந்த நேரத்திலும் எடுத்துக் கொடுக்கும் ஒரு ஆசிரியையின் பெயரும், அந்த அலமாரி எந்த அறையில் இருக்கிறது என்பதும் அந்த இடத்தில் வர வேண்டும். அந்தப் பெயரை மட்டும் என்னால் எழுத முடியாது. நீங்கள்தான் எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
வியாசர்பாடியில் இருந்து ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ்